சண்டை வேறு, கொடுமை வேறு

2025 ஏப்ரல் 15ம் தேதி. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் புத்தகப் பைக்குள் அரிவாளை வைத்து வகுப்புக்கு எடுத்து வந்தான். உடன் படிக்கும் மாணவனை வெட்டினான். தடுக்க ஓடி வந்த ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. காரணம் என்ன? சில வாரங்களுக்கு முன்பு ஒரு பென்சில் விஷயமாக இருவருக்கும் தகராறு ஏற்பட்டு, அதிலிருந்து பேச்சு வார்த்தை நின்று போயிருந்தது என்று போலீஸ் அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023 ஆகஸ்ட் 9ம் தேதி இரவு, அதே திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நாடே அறியும். பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன அவனுடைய தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் யார்? அவன் படித்த அதே பள்ளியில் படித்த, ஆதிக்க சாதியைச் சேர்ந்த மாணவர்கள். அவர்களுடைய தொல்லை தாளாமல் அவன் சில நாட்கள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியர் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். சொன்ன குற்றத்திற்குத்தான் அன்றிரவு அரிவாள் வந்தது.

இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும் ஒரே விதமான குரல் கேட்டது. "பிள்ளைகளுக்கு அமைதியைக் கற்றுக் கொடுங்கள், சகிப்புத்தன்மையைக் கற்றுக் கொடுங்கள்" என்றார்கள். யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் எதைக் கற்றுக் கொடுப்பது, எப்படிக் கற்றுக் கொடுப்பது, யாருக்கு எதைக் கற்றுக் கொடுப்பது என்று கேட்டால் பதில் இல்லை. காலை வணக்கக் கூட்டத்தில் ஓர் உறுதிமொழி. சுவரில் ஒரு வெள்ளைப் புறா. ஆண்டுக்கு ஒரு முறை வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரின் சொற்பொழிவு. அத்தோடு விஷயம் முடிந்தது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாளையங்கோட்டையில் நடந்ததும் நாங்குநேரியில் நடந்ததும் ஒரே நோய் அல்ல. ஒன்று, தீர்க்கப்படாமல் அழுகிப் போன சண்டை. மற்றொன்று, சாதிக் கொடுமை. சண்டையைத் தீர்க்கும் வித்தை ஒன்று இருக்கிறது. அதைச் சாதாரணப் பள்ளிகளில், சாதாரணப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தர முடியும், தரவேண்டும். ஆனால் அதே வித்தையைக் கொடுமையின் மேல் பிரயோகித்தால் அது கட்டப் பஞ்சாயத்தாகிவிடும். இந்த இரண்டையும் பிரித்தறியாத அமைதிக் கல்வி, அமைதியைக் கொண்டு வராது.

பென்சில் தகராறு தீரும் விதம்

முதலில் சண்டையை எடுத்துக் கொள்வோம். மேலே சொன்ன சம்பவத்தின் உள் விவரங்களை நாம் அலசப் போவதில்லை. எந்தப் பள்ளியிலும் தினமும் நடக்கக்கூடிய ஒரு பென்சில் தகராறை உதாரணத்துக்குக் கற்பனை செய்து கொள்வோம்.

ஒரு பையன் பக்கத்துப் பையனின் பென்சிலைக் கேட்காமல் எடுத்தான். எழுதினான். முனை உடைந்தது, பென்சிலும் எங்கோ விழுந்து தொலைந்தது. பென்சிலுக்கு உடையவன் வகுப்பு நடுவில் எழுந்து, "திருட்டுப் பயலே, என் பென்சிலைக் கொடுடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் பள்ளி வாசலில் கைகலப்பு. மறுநாள் ஆசிரியர் இருவரையும் அழைத்து ஆளுக்கு இரண்டு அடி கொடுத்து, "இரண்டு பேரும் கை குலுக்குங்கள்" என்றார். குலுக்கினார்கள். விவகாரம் தீர்ந்ததா? தீரவில்லை. ஆசிரியரின் கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவுதான்.

பல நாடுகளில் பள்ளிகள் கையாளும் முறை வேறு. அதில் தகராறைத் தீர்த்து வைப்பவர்கள் ஆசிரியர்கள் அல்ல, பயிற்சி பெற்ற மாணவர்கள். அவர்களை சமரச மாணவர்கள் என்று வைத்துக் கொள்ளலாம். ஒரு தகராறுக்கு இருவர் உட்காருகிறார்கள். அவர்கள் செய்யும் முதல் காரியம், காத்திருப்பது. இரத்தம் கொதித்துக் கொண்டிருக்கும்போது யாரும் யாருடைய பேச்சையும் கேட்க மாட்டார்கள். ஆகவே காலையில் சண்டை என்றால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உட்காருகிறார்கள். ஆனால் வாரக் கணக்கில் தள்ளிப் போடுவதில்லை. தள்ளிப் போட்டால், பேச்சு நின்ற அந்த வாரங்களில்தான் மனதுக்குள் விஷம் ஊறுகிறது.

பிறகு இருவரிடமும் சம்மதம் கேட்கிறார்கள். "நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். நீங்களே பேசித் தீர்த்துக் கொள்ள உதவி செய்வோம். சம்மதமா?" ஒருவன் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சம்மதம் என்றால் விதிகள் நான்கு: ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, வசவும் பட்டப்பெயரும் கூடாது, கை நீட்டக்கூடாது, இங்கே பேசியது வெளியே போகக்கூடாது. நான்காவது விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. யாருடைய உயிருக்காவது உடம்புக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும். இதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஒருவன் நடந்ததைச் சொல்கிறான். சமரச மாணவன் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "நான் புரிந்து கொண்டது சரிதானா?" என்று கேட்கிறான். இது பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் தான் சொன்னதை இன்னொருவன் சரியாகக் கேட்டான் என்று தெரிந்தவுடனேயே பாதிக் கோபம் தணிந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவனும் அதே விஷயத்தை வசவு நீங்கிய பாஷையில் இரண்டாம் தடவை கேட்கிறான்.

அடுத்து ஒவ்வொருவனிடமும் கேட்கும் கேள்வி: "உனக்கு என்ன வேண்டும்? அது ஏன் வேண்டும்?" முதல் கேள்விக்கு வருவது பிடிவாதம். "என் பென்சில் வேண்டும்" என்கிறான் ஒருவன். "அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்கிறான் மற்றவன். இரண்டாவது கேள்விக்கு வருவதுதான் உண்மையான தேவை. பென்சிலுக்கு உடையவன் சொல்கிறான்: "போன மாதம் ஒன்று தொலைத்தேன். மறுபடியும் தொலைத்தேன் என்றால் அப்பா உதைப்பார்." மற்றவன் சொல்கிறான்: "பென்சில் என்ன பெரிய பென்சில்! நாற்பது பேர் முன்னால் என்னைத் திருடன் என்றானே!" இப்போதுதான் விவரம் வெளியே வருகிறது. ஒருவனுக்குப் பிரச்னை வீட்டில் விழப் போகும் உதை. மற்றவனுக்குப் பிரச்னை மானம். ஆசிரியரின் பிரம்பு இந்த இரண்டில் எதையாவது தொட்டதா?

தேவை தெரிந்த பிறகு வழிகளை அடுக்குகிறார்கள். நல்லது கெட்டது பார்க்காமல் முதலில் எல்லாவற்றையும் சொல்ல விடவேண்டும். பிறகு இருவருக்கும் ஒத்ததைப் பொறுக்கி எடுக்கிறார்கள். "திங்கட்கிழமை புதுப் பென்சில் கொண்டு வந்து தருவேன். இனி கேட்காமல் எடுக்க மாட்டேன்." "நாளைக் காலை முதல் வகுப்பு ஆரம்பிக்கும் முன், யார் முன்னால் திருடன் என்றேனோ அவர்கள் முன்னாலேயே அவன் திருடன் அல்ல என்று சொல்வேன்." யார், எதை, எப்போது என்பது எழுதப்படுகிறது. இருவரும் கையெழுத்திடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து சமரச மாணவர்கள் இருவரையும் கூப்பிட்டு, நடந்ததா என்று விசாரிக்கிறார்கள். "இனி சண்டை போட மாட்டோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒப்பந்தமே அல்ல. அதில் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை.

எங்கே கெட்டுப் போகிறது?

இந்த முறை எங்கெல்லாம் கெட்டுப் போகிறது என்பதும் அனுபவத்தில் தெரிந்த விஷயம். சமரச மாணவர்களாக வகுப்பில் முதல் மார்க் வாங்குபவர்களையும் தலைமை ஆசிரியரின் செல்லப் பிள்ளைகளையும் மட்டுமே பொறுக்கினால், மற்ற மாணவர்கள் அவர்களிடம் வரமாட்டார்கள். கடைசி பெஞ்சும் வேண்டும், பெண் பிள்ளைகளும் வேண்டும், ஊரிலிருந்தும் வேண்டும், சேரியிலிருந்தும் வேண்டும். வகுப்பே இரகசிய ஓட்டில் சில பேரைச் சொல்ல, விடுபட்டவர்களை ஆசிரியர் சேர்ப்பது நல்ல வழி.

அந்த மாணவர்கள் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தாலும் கெட்டது. "தப்பு உன் மேல்தான்" என்று சொன்ன கணத்தில் அவன் குட்டிப் போலீஸ்காரனாகிவிட்டான். அதே போல, உள்ளே என்ன பேசினார்கள் என்று ஆசிரியர் துருவித் துருவிக் கேட்டால் மறுநாள் முதல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரம்பு இருக்கும் இடத்தில் இந்த வித்தை முளைக்காது. 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவில் மாணவர்களை அடிப்பதையும் மனம் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் அடிக்கும் கை பல இடங்களில் ஓயவில்லை. பலமுள்ளவன் பலமில்லாதவனை அடித்து வழிக்குக் கொண்டு வரலாம் என்பதைத் தினமும் செய்து காட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் "பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள்" என்றால் பிள்ளைகள் எதைக் கற்றுக் கொள்வார்கள்? வாயால் சொன்னதையா, கையால் செய்ததையா?

நியூயார்க் கற்றுத் தந்த பாடம்

இதெல்லாம் நடைமுறையில் பலன் தருகிறதா? அமெரிக்க முதலாளித்துவத்தின் தலைநகரம் போன்ற நியூயார்க்கில், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் சாதாரண அரசுப் பள்ளிகளில் இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்நகரக் கல்வி வாரியமும் முற்போக்குக் கல்வியாளர்களின் அமைப்பு ஒன்றும் சேர்ந்து 1985ல் ஒரு திட்டத்தை ஆரம்பித்தன. தகராறுகளை ஆக்கப்பூர்வமாகத் தீர்ப்பது என்பதே அதன் பெயர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, வகுப்பில் பாடங்கள், மாணவர் சமரசக் குழு ஆகியவை அதில் இருந்தன. 1990களில் 15 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு ஆண்டுகள் இதன் பலனை அளந்தார்கள்.

அவர்கள் கண்டது நமது அதிகாரிகள் படிக்க வேண்டிய பாடம். எந்த வகுப்பில் ஆசிரியர் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் இந்தப் பாடங்களை நடத்தினாரோ, அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் முரட்டு எண்ணங்களின் வளர்ச்சி மட்டுப்பட்டது. ஆனால் ஆசிரியருக்குப் பயிற்சி மட்டும் நிறையக் கொடுத்து, வகுப்பில் பாடம் சொற்பமாக நடந்த இடங்களில் பலன் இல்லை. அந்தப் பிள்ளைகளின் நிலை மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. அதாவது, ஆசிரியர்களை மாவட்டத் தலைநகருக்கு வரவழைத்து இரண்டு நாள் முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது ஏமாற்று. பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது வாரா வாரம் நடக்கும் பாடம்தான்.

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். வறுமையும் வன்முறையும் மிகுந்த வட்டாரங்களில் இந்தத் திட்டத்தின் நற்பலன் குறைந்து போயிற்று. இதில் நமக்கு ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடத்தின் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வெளியே இருக்கும் சமுதாயம் அதைத் தாண்டி உள்ளே வரும். வகுப்பறையில் கற்ற வார்த்தையைத் தெருவில் உள்ள பசியும் அடக்குமுறையும் தினமும் அழித்துக் கொண்டிருக்கும்.

நாங்குநேரிக்கு இந்த மருந்து ஆகுமா?

இப்போது நாங்குநேரிக்கு வருவோம். அந்த மாணவனையும் அவனைத் துன்புறுத்தியவர்களையும் ஒரு மேஜையின் இரு பக்கத்திலும் உட்கார வைத்து, "உனக்கு என்ன வேண்டும், உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? துன்புறுத்தியவர்களுக்கு வேண்டியது அவன் அடங்கிக் கிடப்பது. அவனுக்கு வேண்டியது மனிதனாக நடமாடுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் சமரசம் செய்வது? பாதி அடங்கிக் கிட என்றா?

சமரச முறையை வகுத்து வளர்த்தவர்களே இந்த எல்லையைச் சொல்லியிருக்கிறார்கள். பலத்தில் ஏறத்தாழச் சமமான இருவருக்கு இடையேதான் அது செல்லும். ஒருவன் மற்றவனைத் தொடர்ந்து வதைக்கும் இடத்தில் அதைப் பிரயோகித்தால் தீங்குதான் விளையும். வதைபட்டவன் வதைத்தவன் முன்னால் உட்கார்ந்து தன் பயத்தை வெளியே சொல்ல வேண்டியிருக்கும். அவனும் தன் பங்குக்கு ஏதாவது விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். வெளியே போனதும் பழி வாங்கப்படுவான். குற்றம் செய்தவனுக்கோ "இரண்டு பக்கமும் தப்பு" என்ற நற்சான்று கிடைத்துவிடும்.

ஆகவே வகுப்பில் ஒரு தகராறு வந்தவுடன் ஆசிரியர் தமக்குத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு. இது ஒரு தடவை நடந்ததா, திரும்பத் திரும்ப ஒரே பிள்ளைக்கு நடக்கிறதா? அடி இரு பக்கமும் விழுகிறதா, ஒரே பக்கம்தானா? ஒருவன் பின்னால் கூட்டம் நிற்கிறதா? சமரசம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இருவருக்கும் உண்டா? வசவு அந்தப் பையனின் செய்கையைப் பற்றியதா, அவன் பிறப்பைப் பற்றியதா? கடைசிக் கேள்வி ஒன்றே பல சமயம் போதும். "கேட்காமல் எடுக்கிறவன்" என்பது சண்டை. சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது கொடுமை.

வெளிக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. ஒழுங்காக வந்து கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வராமல் நிற்பது. இடைவேளையில் வகுப்பை விட்டு வெளியே வராமல் இருப்பது. பள்ளி விட்டதும் மற்றவர்கள் போன பிறகு தனியாகப் போவது. வேறு பள்ளியில் சேர்த்துவிடுமாறு வீட்டில் கெஞ்சுவது. இவற்றைப் பார்த்த ஆசிரியர் "என்ன சண்டை?" என்று கேட்கக்கூடாது. "உன்னை யார் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். அதுவும் தனியாக, மற்றவர் காதில் விழாமல் கேட்க வேண்டும்.

கொடுமை என்று தெரிந்துவிட்டால் அது மாணவர் சமரசக் குழுவின் வேலை அல்ல; பெரியவர்களின் பொறுப்பு. நாங்குநேரி போதிக்கும் மிகக் கசப்பான பாடம் இதுதான்: புகாரை வாங்குவது சுலபம், புகார் சொன்ன பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் வேலை. புகார் வந்த அந்த நாளே ஆபத்தான நாள். யார் சொன்னது என்பது வெளியே போகாமல் பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரிக்கும் முன்பே அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகும், இரவு எங்கே இருக்கும் என்று யோசித்தாக வேண்டும். பெற்றோரைக் கூப்பிட வேண்டும். உயிருக்கு மிரட்டல் என்றால் போலீசுக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். சாதியின் பெயரால் நடந்தால் 1989ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. "ஊர் அமைதி கெடும்" என்று சொல்லிப் புகாரை அமுக்குவதற்கு எந்தத் தலைமை ஆசிரியருக்கும் உரிமை கிடையாது.

வெட்டியவர்களும் பிள்ளைகள்தானே என்று சிலர் கேட்கிறார்கள். ஆம், பிள்ளைகள்தான். அவர்களைத் திருத்த வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. தான் செய்தது இன்னொருவனுக்கு என்ன ஆயிற்று என்று அவனை உணர வைப்பதும், சேதத்துக்குப் பொறுப்பேற்க வைப்பதும் நல்ல முறைகளே. ஆனால் அதெல்லாம் பாதிக்கப்பட்டவனுக்குப் பாதுகாப்புக் கிடைத்த பிறகு, அவன் மனமொப்பிச் சம்மதித்தால் மட்டுமே.

மணிக்கட்டுக் கயிற்றை யார் கட்டினார்கள்?

பிள்ளைகள் இந்த வெறியைக் கருவிலேயே கொண்டு வந்தார்களா? தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள். இன்ன சாதிக்கு இன்ன வர்ணம் என்று கயிறு. அந்தக் கயிற்றை விற்பவர் யார், கட்டச் சொல்பவர் யார்? சாதியைக் காட்டி ஓட்டு வாங்க விரும்பும் பெரிய மனிதர்கள்தான். 2019ல் இந்தக் கயிறுகளைத் தடுக்கும்படி பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போயிற்று. மத அடையாளத்தில் கை வைப்பதாக பா.ஜ.க. தலைவர்கள் கூச்சலிட்டார்கள். உடனே அன்றைய அ.தி.மு.க. மந்திரி, சுற்றறிக்கை தமக்குத் தெரியாமல் போனது, பழைய நிலையே தொடரும் என்று பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கல் பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்லிக் கொடுத்திருக்கும்?

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது, வர்ணக் கயிறு முதலிய அடையாளங்களைத் தடுப்பது, ஆசிரியர்களையும் அதிகாரிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றுவது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்று தனி அதிகாரி வைப்பது, 6ம் வகுப்பு முதல் 12ம் வகுப்பு வரை வாரத்தில் ஒரு அறநெறி வகுப்பைக் கட்டாயமாக்குவது என்பவை அதில் சில. அறிக்கை வெளி வந்ததும் எங்கிருந்து எதிர்ப்புக் கிளம்பியது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அந்த வாரம் ஒரு வகுப்பைத்தான் நாம் குறித்துச் சொல்கிறோம். அதை நீதிக் கதை சொல்லும் வகுப்பாகக் கழித்துவிட்டால் பிரயோஜனமில்லை. 2005ம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு அமைதிக்கான கல்வியைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொன்னது. ஆனால் அது தனிப் பாடமாக அல்லாமல் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவி இருக்க வேண்டும் என்றது. கொள்கை அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் அல்லாமல் போயிற்று. கணக்கு ஆசிரியர் தமிழ் ஆசிரியர் செய்வார் என்றிருந்தார். தமிழ் ஆசிரியர் பொதுத் தேர்வுக்குப் பாடம் முடிக்க வேண்டியிருந்தது. கால அட்டவணையில் இடமில்லாதது பள்ளிக்கூடத்தில் இல்லாததே.

ஒரு தோழரின் கேள்வி

இந்த விஷயத்தைப் பேசிக் கொண்டிருந்தபோது ஒரு தோழர் கேட்டார்: "போராடக் கற்றுக் கொடுக்க வேண்டிய நாம், பிள்ளைகளுக்குச் சமரசம் கற்றுக் கொடுக்கச் சொல்கிறோமே, இது வர்க்க சமரசத்துக்கு விதை போடுவதாகாதா?"

நியாயமான கேள்வி. பதிலை நமது சரித்திரத்திலேயே காணலாம். 1940களில் கீழத் தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. அந்த நாளில் பண்ணையாளும் மிராசுதாரும் பேசித் தீர்த்துக் கொள்ளட்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது கேலிக்கூத்து. தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடியின் கீழ் அந்த மக்களை ஒன்று திரட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மிராசுதாரர்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் எழுதப்பட்டது. முதலில் பலம் சமமாயிற்று. பிறகு பேச்சு வார்த்தை அர்த்தமுள்ளதாயிற்று. வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும்.

அதோடு இன்னொன்று. தொழிற்சங்கத்தில் பேச்சு வார்த்தைக்குப் போகும் தோழர் என்ன செய்கிறார்? எதிராளி சொல்வதைக் கூர்ந்து கேட்கிறார். கோரிக்கைக்குப் பின்னால் தொழிலாளியின் தேவை என்ன என்பதைத் தெளிவாக்குகிறார். யார், எதை, எப்போது என்று எழுதி வாங்குகிறார். அமலாகிறதா என்று பின்னால் பார்க்கிறார். பென்சில் தகராறில் அந்தச் சமரச மாணவன் செய்ததும் இதுதானே! உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக் கொள்ளாமல் தகராறைத் தீர்த்துக் கொள்ளப் பழகினால் அது ஒற்றுமைக்கு உரம். ஒருவன் மேல் கொடுமை நடக்கும்போது, இது சண்டை அல்ல, கொடுமை என்று அடையாளம் கண்டு அவன் பக்கம் போய் நிற்கப் பழகினால் அது போராட்டத்துக்கு விதை. இரண்டும் ஒரே வகுப்பில் கற்க வேண்டிய பாடங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

நமது கோரிக்கைகள் எளியவை. வாரத்தில் ஒரு வகுப்பு கால அட்டவணையில் ஏற வேண்டும், வேறு பாடத்துக்கு அதைப் பறிக்கக்கூடாது. அதில் நடிப்பும் விவாதமுமாகத் தகராறு தீர்க்கும் படிகளைப் பழக வேண்டும். சாதி என்ன, அது எப்படி வந்தது, யாருக்கு லாபம் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும். காலியிடங்களை நிரப்பாமல், இருக்கும் ஆசிரியரை மூன்று வகுப்புக்கு ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டு அமைதிக் கல்வி பேசுவது பாசாங்கு. கொடுமைப் புகார் வந்தால் முதல் 24 மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு பள்ளியிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதற்குச் சர்க்காரை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அந்தக் குழுக்களில் நமது தோழர்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளை அவர்கள் எழுப்பட்டும். நமது பள்ளியில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் அதைத் தீர்க்கும் முறை என்ன? ஒரு பிள்ளை கொடுமையைப் பற்றி வாய் திறந்தால் அன்றிரவு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும் ஏற்பாடு என்ன? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத பள்ளியின் சுவரில் எத்தனை புறாக்களை வரைந்தாலும், அந்தப் பள்ளியில் சமாதானம் இல்லை.